பலகையா, சுவிட்சா?

எங்கள் குழுவில் ராத்திரி முறை பார்ப்பவர்களுக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறோம். நடுச்சாமத்தில் அலாரம் அடித்து எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுதப்படுவது அது. அதில் ஒரு பக்கத்தை, சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு பெண் எழுதி எடுத்து வந்தாள். "அக்கா, இதைக் கொஞ்சம் சரிபார்த்துத் தாங்க" என்றாள். பக்கம் என்று சொன்னாலும் இருந்தது நாலு வரிதான்:

"சேவை தொடங்கும்போது அது தயாராகிவிட்டதா என்று பார்ப்பது ரெடினஸ் ப்ரோப். தயாரான பிறகு அது உயிரோடு இருக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பது லைவ்னஸ் ப்ரோப். இரண்டில் எது தோற்றாலும் குபெர்னெட்டிஸ் அந்த பாட் முழுவதையும் அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கும். இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து, டேட்டாபேஸையும் அதிலேயே சோதித்துவிடுவது பாதுகாப்பானது."

படிக்கச் சரளமாக இருந்தது. இதே விளக்கத்தை அனுபவம் உள்ளவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஆனால் நாலு வரியுமே தவறு. நாலாவது வரியை நம்பினால் நன்றாக ஓடும் சேவையே படுத்துவிடும். அதனால் பேனாவால் அடித்துத் திருத்தித் தராமல், இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில், யார் எதைச் சோதிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்த பொட்டலம்தான் கன்டெய்னர். நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களைப் பல கணினிகளில் பிரித்து வைத்து, விழுந்ததை எழுப்பி, வரும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு மேலாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்பவற்றில் பரவலாகப் புழங்குவது குபெர்னெட்டிஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். கூகுள் 2014-இல் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது; முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. இதில் கன்டெய்னர் தனியாக நிற்காது. பாட் என்ற உறைக்குள் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு.

பாட்கள் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் குபெலெட் என்ற காவலாளி ஒருவர் இருக்கிறார். ப்ரோப் என்பது அவர் குறித்த இடைவெளியில் கன்டெய்னரின் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான். ஒரு வலைமுகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் எண் 200 முதல் 399-க்குள் இருந்தால் தேர்ச்சி. அல்லது கன்டெய்னருக்குள் ஒரு கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம்; அது பிழையில்லாமல் முடிந்தால் தேர்ச்சி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 விநாடிக்கு ஒருமுறை தட்டுவார், பதிலுக்கு 1 விநாடி காத்திருப்பார், தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால்தான் தோல்வி என்று முடிவு செய்வார். ரெடினஸுக்கும் லைவ்னஸுக்கும் இதெல்லாம் ஒன்றேதான். தட்டும் விதத்தில் வேறுபாடே இல்லை. பதில் வராதபோது காவலாளி என்ன செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் ரயில் டிக்கெட் கவுன்டரைச் சொன்னேன். வரிசையாக ஆறு கவுன்டர்கள். ஒன்றில் உட்கார்ந்திருப்பவர் கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், 'அடுத்த கவுன்டருக்குச் செல்லவும்' என்று பலகை மாட்டுகிறோம். புதிதாக யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். கணக்கு முடிந்ததும் பலகையை எடுத்துவிடலாம். ரெடினஸ் தோற்றால் நடப்பது இதுதான். இன்னொரு கவுன்டரில் கணினி அப்படியே உறைந்துவிட்டது. விசையை அழுத்தினால் எதுவும் நகரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட வேண்டியதுதான். பாதி அடித்த டிக்கெட் போய்விடும். ஆனால் வேறு வழியில்லை. லைவ்னஸ் தோற்றால் நடப்பது அது. ஒன்று பலகை, ஒன்று சுவிட்ச். ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க, அது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறதா என்று பார்த்தாலே போதும்.

அவளுடைய மடிக்கணினியிலேயே ஒரு சிறிய குபெர்னெட்டிஸ் இருந்தது. அதில் demo என்ற பெயரில் ஒரு பாட் வைத்தோம். உள்ளே உண்மையான சேவை எதுவும் இல்லை. தொடங்கியதும் இரண்டு வெற்றுக் கோப்புகளை உருவாக்கிவிட்டு ஒரு மணி நேரம் தூங்கும், அவ்வளவுதான். ஒரு கோப்பு இருக்கிறதா என்று ரெடினஸ் பார்க்கும். மற்றதை லைவ்னஸ் பார்க்கும்.

```
containers:
- name: web
  image: busybox
  command: ["sh", "-c", "touch /tmp/ready /tmp/alive; sleep 3600"]
  readinessProbe:
    exec:
      command: ["cat", "/tmp/ready"]
    periodSeconds: 5
  livenessProbe:
    exec:
      command: ["cat", "/tmp/alive"]
    periodSeconds: 5
```

ரெடினஸ் தொடக்கத்தில் மட்டும் பார்க்கும் என்கிறது முதல் வரி. அப்படியானால் ஒருமுறை தேறிய பிறகு அந்தக் கோப்பை அழித்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது. பாட் தயாராகி நாலு நிமிடம் விட்டு, அழித்தோம்.

```
kubectl exec demo -- rm /tmp/ready
```

15 விநாடிக்குள் திரை இப்படி மாறியது:

```
NAME   READY   STATUS    RESTARTS   AGE
demo   0/1     Running   0          4m
```

READY என்ற இடத்தில் 1/1 இருந்தது 0/1 ஆகிவிட்டது. முதல் வரி அதோடு முடிந்தது. ரெடினஸ் தொடக்கச் சோதனை அல்ல. கன்டெய்னர் இருக்கும் வரை தட்டிக்கொண்டே இருக்கும். இதே திரையில் இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னேன். STATUS இன்னும் Running; RESTARTS இன்னும் 0. யாரும் எதையும் அழிக்கவில்லை. மூன்றாவது வரியில் பாதியும் போயிற்று. கோப்பைத் திரும்ப உருவாக்கினோம். அடுத்த தட்டலிலேயே 1/1 ஆனது. பலகையை மாட்டினார்கள், எடுத்தார்கள். உள்ளே ஓடிய நிரலுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பலகை மாட்டியதும் வேலை வருவது எப்படி நிற்கிறது என்று அவள் கேட்டாள். பாட்களுக்கு முன்னால் சர்வீஸ் என்ற ஒரு பொது வாசல் இருக்கிறது. தயாராக உள்ள பாட்களின் முகவரிகள் அதற்கென்று ஒரு பட்டியலில் இருக்கும். ரெடினஸ் தோற்றால் அந்தப் பட்டியலில் இந்த முகவரி 'தயாரில்லை' என்று குறிக்கப்படும்; புதிய இணைப்புகள் அங்கே போகாது. புதிய இணைப்புகள் என்பதை அழுத்திச் சொன்னேன். ஏற்கெனவே கவுன்டரில் நின்று பேசிக்கொண்டிருப்பவரைப் பலகை விரட்டாது. ஒரே இணைப்பை மணிக்கணக்கில் திறந்து வைத்து அதன் வழியாகவே கோரிக்கைகளை அனுப்பும் நிரல்கள் உண்டு. அவை அந்த பாட்டுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். 'ரெடினஸ் தோற்றும் ஏன் வேலை வந்துகொண்டே இருக்கிறது' என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து லைவ்னஸ். பாட்டின் ஐ.பி. முகவரியை ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு, /tmp/alive கோப்பை அழித்தோம். 15 விநாடிக்குள் நிகழ்வுப் பதிவில் இந்த வரி வந்தது:

```
Container web failed liveness probe, will be restarted
```

ஆனால் உடனே எதுவும் மாறவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் RESTARTS 1 ஆனது. "ஏன் அக்கா இவ்வளவு நேரம்?" என்றாள். குபெலெட் எடுத்த எடுப்பில் கழுத்தைப் பிடிப்பதில்லை. 'முடித்துக்கொள்' என்று ஒரு சமிக்ஞை அனுப்பி, கையிலுள்ள வேலையை முடிக்க அவகாசம் தருகிறது. நாம் மாற்றாதவரை அது 30 விநாடி. எங்கள் போலிச் சேவை அந்தச் சமிக்ஞையைக் காதில் வாங்கவில்லை; அதனால் அவகாசம் முழுவதும் ஓடி, கடைசியில் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது. `kubectl describe pod demo` என்று கேட்டால், முந்தைய கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு முடிந்ததாகக் காட்டும். வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதன் அடையாளம் அது. நினைவகம் போதாமல் நிறுத்தப்பட்டாலும் இதே எண்தான் வரும்; ஆனால் அப்போது காரணம் என்ற இடத்தில் OOMKilled என்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நினைவகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சிக்கல் லைவ்னஸில் இருந்தது.

இப்போது தாளில் குறித்த முகவரியை ஒப்பிட்டோம். அதேதான். பாட்டின் பெயரும் மாறவில்லை; அதே கணினியில்தான் இருக்கிறது. அழிந்து பிறந்தது உள்ளேயிருந்த கன்டெய்னர் மட்டும். மூன்றாவது வரியின் மீதிப் பாதியும் இதோடு போயிற்று. இது வெறும் சொல் திருத்தம் அல்ல. ஒரு கணினியின் வட்டோ வலைப்பின்னலோ பழுதாகி அதனால் சேவை தடுமாறுகிறது என்று வையுங்கள். பாட் புதிதாகப் பிறந்து வேறு கணினிக்குப் போய்விடும் என்று நம்பிக் காத்திருப்பவர் வீணாகக் காத்திருப்பார். லைவ்னஸ் அதே பழுதான கணினியில்தான் திரும்பத் திரும்பக் கன்டெய்னரை எழுப்பிக்கொண்டிருக்கும்.

மீதம் இருந்தது இரண்டாவது வரி. தயாரான பிறகுதான் லைவ்னஸ் பார்க்கத் தொடங்கும் என்பது அது. இதுதான் எல்லோரையும் ஏமாற்றும் வரி, ஏனென்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். சோதிப்பதற்கு கட்டளையை மட்டும் சிறிது மாற்றினோம். கோப்புகளை உருவாக்கும் முன் 60 விநாடி தூங்கச் சொன்னோம், எழுந்து தயாராக ஒரு நிமிடம் பிடிக்கும் சேவையைப் போல.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். 5 விநாடிக்கு ஒருமுறை தட்டல், மூன்று தோல்வி. ஆக 15 விநாடிக்குள் லைவ்னஸ் தோற்றுவிடும். அதன் மேல் 30 விநாடி அவகாசம். 45-ஆவது விநாடிக்குள் கன்டெய்னர் நிறுத்தப்படும். கோப்பு உருவாக வேண்டியது 60-ஆவது விநாடியில். எனவே இந்தச் சேவை ஒருநாளும் தயாராகாது. திரையிலும் அதேதான் நடந்தது. RESTARTS ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. READY ஒருமுறைகூட 1/1 ஆகவில்லை. சிறிது நேரத்தில் STATUS என்ற இடத்தில் CrashLoopBackOff என்று வந்து நின்றது.

லைவ்னஸ் ரெடினஸுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதேயில்லை, தனித்தனியாகத் தட்டுகின்றன. இரண்டையும் காத்திருக்க வைப்பதற்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஸ்டார்ட்டப் ப்ரோப். 2020 இறுதியில் வந்த 1.20 பதிப்பிலிருந்து அது நிலையான வசதி. அது தேறும் வரை மற்ற இரண்டும் தொடங்கவே தொடங்காது; தேறிய பிறகு அது திரும்ப ஓடாது. இதைச் சேர்த்தோம்:

```
startupProbe:
  exec:
    command: ["cat", "/tmp/alive"]
  periodSeconds: 5
  failureThreshold: 30
```

5 விநாடி இடைவெளியில் 30 முறை என்றால் 150 விநாடி வரை பொறுமை. சேவை 60 விநாடியில் எழுந்தது, READY 1/1, RESTARTS 0. அவள் மனதில் வைத்து எழுதிய 'தொடக்கச் சோதனை' உண்மையில் இதுதான். வேலை சரி, பெயர்தான் மாறிப்போயிருந்தது.

நாலாவது வரியை மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை. அதை நான் ஒரு பழைய வேலையிடத்தில் வாழ்ந்தே பார்த்திருக்கிறேன்.

ஆர்டர் பதிவு செய்யும் ஒரு சேவை. ஆறு பாட்கள், பின்னால் ஒரே டேட்டாபேஸ். ரெடினஸ், லைவ்னஸ் இரண்டுக்கும் ஒரே முகவரி. அந்த முகவரியைத் தட்டினால் டேட்டாபேஸிடம் ஒரு சிறு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் 'நலம்' என்று சொல்லும். ஒருநாள் யாரோ ஒரு பெரிய மாதாந்திர அறிக்கையைப் பகலில் ஓட்டினார்கள். டேட்டாபேஸ் மெதுவானது. நின்றுவிடவில்லை, ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வாடிக்கையாளர்களுக்குத் திரை சற்றே மந்தமாகத் தெரிந்திருக்கும். ஆனால் காவலாளி 1 விநாடிதான் காத்திருப்பார். 10 விநாடிக்கு ஒருமுறை, மூன்று முறை. அரை நிமிடத்தில் ஆறு பாட்களிலும் சுவிட்ச் அணைக்கப்பட்டது, ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

ஆறும் திரும்ப எழுந்தன. எழுந்ததும் ஒவ்வொன்றும் பொருள் பட்டியல் முழுவதையும் டேட்டாபேஸிலிருந்து இழுத்தன. ஒவ்வொன்றும் 20 இணைப்புகளைத் திறந்தன. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் மேல் ஒரே நொடியில் 120 புதிய இணைப்புகள். அது இன்னும் மெதுவானது. லைவ்னஸ் மறுபடி தோற்றது. இப்படித் திரும்பத் திரும்ப விழும் கன்டெய்னரை குபெலெட் உடனுக்குடன் எழுப்பாது. 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 5 நிமிடம் வரை காக்க வைக்கும். அறிக்கை ஓடி முடிந்தது. டேட்டாபேஸ் பழைய வேகத்துக்கு வந்தது. சேவை வரவில்லை. சில பாட்கள் ஐந்து நிமிடத் தண்டனையில் உட்கார்ந்திருந்தன. முதலில் எழுந்தவை ஆறு பேர் சுமையை இரண்டு பேராகத் தாங்க முடியாமல் திரும்ப விழுந்தன.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? RESTARTS எண்தான் துப்பு. ஒரு பாட்டில் மட்டும் அந்த எண் ஏறினால், கோளாறு அந்த பாட்டிலோ அது இருக்கும் கணினியிலோ இருக்கலாம். எல்லா பாட்களிலும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தால், எல்லோருக்கும் பொதுவான வேறெதையோ லைவ்னஸ் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்று ஆறு வரிசைகளிலும் எண் 5, 6 என்று நின்றது. பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

டேட்டாபேஸ் மெதுவானால் அதற்கு மருந்து என் சேவையை அணைத்துப் போடுவது அல்ல. எனவே லைவ்னஸ் வெளியில் உள்ள எதையும் கேட்கக்கூடாது. 'நான் அணைத்துப் போடப்பட்டால் சரியாகிவிடும் நிலையில் இருக்கிறேனா' என்ற ஒரே கேள்விதான் அதற்கு. இரண்டு இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து இறுகிக்கொள்வது அத்தகைய நிலை. அதைப் பிடிக்க வேண்டுமானால், உண்மையான கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் அதே இழைகள்தான் ப்ரோபுக்கும் பதில் சொல்ல வேண்டும். நலம் விசாரிப்பதற்கென்றே தனி இழை ஒதுக்கினால், மற்றதெல்லாம் உறைந்து கிடக்கும்போதும் அது மட்டும் 'நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அதே இழைகள் பதில் சொன்னால் கூட்ட நேரத்தில் பதில் தாமதமாகும்; வேலை அதிகம் என்பதற்காகவே சுவிட்ச் அணைக்கப்படும். இரண்டையும் சமாளிக்க, லைவ்னஸுக்கு அதிகப் பொறுமை கொடுக்க வேண்டும். 1 விநாடி என்பதை 5 ஆக்கலாம். 3 தோல்வியை 6 ஆக்கலாம். இறுகிப்போன சேவை ஒரு நிமிடம் கூடுதலாக இறுகிக் கிடப்பது, நன்றாக ஓடுவதை அணைத்துப் போடுவதைவிட மேல்.

"அப்போ டேட்டாபேஸை ரெடினஸ்ல வச்சிடலாமா அக்கா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு கவுன்டரில் மட்டும் கோளாறு என்றால் பலகை பயன்படும். மக்கள் அடுத்த கவுன்டருக்குப் போவார்கள். ஆறுக்கும் பொதுவான டேட்டாபேஸ் மெதுவானால் ஆறிலும் ஒரே நேரத்தில் பலகை விழும். சர்வீஸின் பட்டியல் காலியாகும். டேட்டாபேஸ் தேவைப்படாத பக்கங்கள்கூட கிடைக்காது. 'சற்றுப் பொறுத்து முயலவும்' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அந்த பாட்டுக்கே உரிய நிலைமைகளை மட்டும் ரெடினஸில் வைப்பது என்பது என் பழக்கம்: பொருள் பட்டியலை ஏற்றி முடித்தேனா, என் கையில் கோரிக்கைகள் நிரம்பி வழிகின்றனவா. டேட்டாபேஸ் இல்லாமல் ஒரு பதிலும் தர முடியாத சேவையாக இருந்தால், அதை ரெடினஸில் வைப்பதற்கு நியாயம் உண்டு. அப்போதும் நிலைமை சரியானதும் பலகை தானாக விலகிவிடும். ஐந்து நிமிடத் தண்டனை கிடையாது. லைவ்னஸில் வைப்பதற்குத்தான் நியாயமே இல்லை.

அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "லைவ்னஸே வைக்கலேன்னா என்ன ஆகும்?" என்றாள். நிரல் பிழையில் விழுந்து வெளியேறிவிட்டால், லைவ்னஸ் இல்லாமலேயே குபெலெட் அதை மறுபடி எழுப்பும். லைவ்னஸ் தேவைப்படுவது, விழாமல் நின்றபடியே உறைந்துபோகும் நிரலுக்கு மட்டும்தான். அப்படி உறையக்கூடிய இடம் எது என்று உங்கள் சேவையில் காட்ட முடியாவிட்டால், அதை வைக்காமல் விடுவதே நல்லது. ரெடினஸ் அப்படியில்லை. அது இல்லாவிட்டால் கன்டெய்னர் தொடங்கிய நொடியே தயார் என்று கொள்ளப்பட்டு, பொருள் பட்டியல் ஏறும் முன்பே வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

மாலையில் திருத்திய பக்கத்தைக் கொண்டுவந்தாள். இப்போது ஐந்து வரி:

"ரெடினஸ் தோற்றால் புதிய வேலை வராது, எதுவும் நிறுத்தப்படாது, கன்டெய்னர் இருக்கும் வரை சோதனை தொடரும். லைவ்னஸ் தோற்றால் கன்டெய்னர் நிறுத்தப்பட்டு அதே பாட்டில், அதே கணினியில் திரும்ப எழும். அது ரெடினஸுக்காகக் காத்திருக்காது, மெதுவாக எழும் சேவைக்கு ஸ்டார்ட்டப் ப்ரோப் வேண்டும். லைவ்னஸ் டேட்டாபேஸைத் தொடக்கூடாது. எல்லா பாட்களிலும் RESTARTS ஒன்றாக ஏறினால், முதலில் லைவ்னஸ் எதைத் தட்டுகிறது என்று பார்."

கடைசி வரியை நான் சொல்லித்தரவில்லை. பழைய வேலையிடத்தில் அரை மணி நேரம் தேடினோம் என்று சொன்னேனே, அதிலிருந்து அவளாக எடுத்து எழுதியது. நடுச்சாமத்தில் எழுந்து வருபவர் முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்று, அதைப் பக்கத்தின் உச்சிக்கு மாற்றச் சொன்னேன்.